பதில் யாருடைய முகவரிக்கு வந்தது

ஒரு ரெஸ்யூமேயில் படித்த ஒற்றை வரி பல நாட்களாக என்னை விடாமல் இருக்கிறது. “கிளையன்ட் நிர்வாகத்துடன் இணைந்து செயல்பட்டு, 95 சதவீத நிலுவை உறுதிக் கடிதங்களைப் பத்தே நாட்களில் பெற்றேன்.” நூற்பாலைகளும் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களும் கிளையன்ட்டுகளாக இருக்கிற ஒரு கோயம்புத்தூர் ஆடிட் அலுவலகத்துக்கு, உதவி மேலாளர் வேலை கேட்டு வந்த விண்ணப்பம். நாங்கள் வெளியிட்ட அறிவிப்பு இரண்டு விஷயங்களைக் கேட்டிருந்தது: தணிக்கைத் தரநிலைகளில் நல்ல பிடிப்பு வேண்டும், கிளையன்ட்டை நேரடியாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் விண்ணப்பங்களை மதிப்பிடும் தாளிலும் இரண்டு கட்டங்கள். இந்த வரியை இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோனால் முழு மதிப்பெண் போடத் தோன்றுகிறது. ஆலை முதலாளியோடும் கணக்காளரோடும் முகம் கோணாமல் வேலை வாங்கியிருக்கிறார், பல வாரம் இழுக்கிற வேலையைப் பத்து நாளில் முடித்திருக்கிறார். அதே வரியை முதல் கட்டத்துக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு சொல்லும் கேள்வியாக மாறுகிறது. ஒரே மனிதர் செய்த ஒரே வேலை ஒரு கட்டத்தில் தகுதியாகவும் அடுத்த கட்டத்தில் சந்தேகமாகவும் நிற்குமானால், பிழை அந்த மனிதரிடம் இருக்கிறதா, கட்டங்களைப் பிரித்த எங்களிடம் இருக்கிறதா என்பதுதான் என் உறுத்தல்.

வெளியாரிடமிருந்து உறுதி பெறுவதற்கான தரநிலை எஸ்.ஏ. 505. மார்ச் 31 அன்று ஒரு வியாபாரி ஆலைக்கு 60 லட்சம் தரவேண்டும் என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. அது உண்மைதானா என்று ஆடிட்டர் அந்த வியாபாரியிடமே எழுதிக் கேட்கிறார். இதில் தரநிலை பிடிவாதமாக வலியுறுத்துவது கடிதத்தின் வாசகத்தையோ பதில்களின் எண்ணிக்கையையோ அல்ல, அந்தக் கடிதப் போக்குவரத்து யார் கையில் இருக்கிறது என்பதை. யாரைக் கேட்பது என்பதை ஆடிட்டர் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தை ஆடிட்டர் அனுப்ப வேண்டும். பதில் நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும். நிர்வாகம் கடிதத்தில் கையெழுத்திட்டுத் தரலாம், தந்துதான் ஆக வேண்டும். நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் எந்த வியாபாரியும் கணக்கு விவரம் சொல்ல மாட்டார். ஆனால் கையெழுத்தோடு அவர்கள் பங்கு முடிந்துவிட வேண்டும். வேலை நடக்கும் அலுவலகங்களில் இது எப்படிக் கெடுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆடிட் டீமில் இருக்கிற இளம்பிள்ளை கடிதங்களைத் தயாரித்துக் கணக்காளரிடம் கொடுக்கிறது. “விடு கண்ணு, அவங்க நம்பரெல்லாம் எங்கிட்டத்தான இருக்குது, நானே போட்டுடறேன்” என்கிறார் அவர். ஆலையின் மின்னஞ்சலிலிருந்து கடிதம் போகிறது, பதிலும் அங்கேயே வருகிறது. ஒரு வாரம் கழித்து இருபது பி.டி.எஃப்.கள் ஒரே கோப்பாக ஆடிட் டீமுக்கு வந்து சேர்கின்றன. எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் கையில் இருப்பது வியாபாரியின் வாக்குமூலம் என்பதற்குக் கணக்காளரின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. யாருடைய கணக்கைச் சரிபார்க்கக் கிளம்பினோமோ அவர் வழியாகவே சரிபார்ப்பு திரும்பி வந்திருக்கிறது.

இந்தச் சின்ன நழுவல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சியம் இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதன் ஆடிட்டர்கள் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் மையமாக இருந்த குற்றச்சாட்டு, வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் அவர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்பது. அந்த டீமில் இருந்த யாருக்கும் தரநிலை தெரியாமல் இருந்திருக்காது. கேட்டிருந்தால் பத்தி எண்ணோடு சொல்லியிருப்பார்கள். நிர்வாகத்துடன் இணக்கமாகவும் இருந்திருப்பார்கள். எங்கள் மதிப்பீட்டுத் தாளின் இரண்டு கட்டங்களிலும் அவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது, அந்தத் தாளின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை குறைந்துபோகிறது.

ரெஸ்யூமேக்களில் தரநிலை அறிவு பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான் வருகிறது. எஸ்.ஏ. 240, 315, 330, 505, 530, 570, 700 என்று எண்கள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே இண்ட் ஏ.எஸ். 115, 116 என்று கணக்கியல் தரநிலைகளும் அதே தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். வருவாயை நிறுவனம் எப்போது கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை இண்ட் ஏ.எஸ். 115 சொல்கிறது. அந்த வருவாயை ஆடிட்டர் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது வேறு சங்கதி. இரண்டையும் கலந்து எழுதுகிறவருக்கு எதுவும் தெரியாது என்று நான் முடிவு கட்டுவதில்லை; யாரோ கொடுத்த மாதிரிப் படிவத்தை நிரப்பியிருப்பார். ஆனால் எண்களின் நீளத்துக்கு மதிப்பெண் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். அதைவிட, ஒரு விண்ணப்பத்தில் சொல்லப்படுகிற வேலை அது நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் நடந்திருக்கக்கூடியதா என்று பார்ப்பது பயன் தருகிறது. பட்டியலிடப்படாத தனியார் கம்பெனிகளை மட்டுமே ஆடிட் செய்ததாக எழுதும் ஒருவர், எஸ்.ஏ. 701-ன் படி முக்கியத் தணிக்கை விவகாரங்களை அறிக்கைக்காக எழுதித் தந்ததாகவும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தரநிலை முதன்மையாகப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கானது. மற்ற நிறுவனங்களில் ஆடிட்டர் தானாக முன்வந்து எழுதவும் இடமுண்டு என்பதால் இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வி என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அறிவு இருக்கிறதா என்பது பட்டியலில் தெரிவதில்லை. வேலையும் இடமும் காலமும் ஒன்றோடொன்று பொருந்துகிற இடத்தில்தான் தெரிகிறது.

கிளையன்ட்டைக் கையாளுதல் என்ற கட்டம் இன்னும் சிக்கலானது. கணக்காளர் நேரம் ஒதுக்காத செப்டம்பர் மாதத்தில், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் வருமான வரித் தணிக்கைக்கும் 30-ஆம் தேதி கழுத்தில் நிற்கும்போது, ஆலை அலுவலகத்தின் நூல் தூசி படிந்த மேசையோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு வாங்குவது லேசான காரியம் இல்லை. அதற்குப் பொறுமை வேண்டும், பேச்சு வேண்டும், யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்ற நிதானம் வேண்டும். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் கம்பெனிகள் சட்டத்தின்படி ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்களின் கூட்டம். அறிக்கையின் முதல் வரியே உறுப்பினர்களுக்கு என்றுதான் தொடங்குகிறது. நாம் தினமும் டீ குடித்துப் பேசிப் பழகுவது நிர்வாகத்தோடு. வேலை அறிவிப்பில் கிளையன்ட் என்று எழுதும்போது நம் மனக்கண்ணில் வருவதும் அந்த நிர்வாக அறைதான். அங்கே நல்ல பெயர் வாங்குவதை மட்டும் அளந்தால், எதையும் வற்புறுத்தாதவர்கள் எல்லோரும் மேலே வந்துவிடுவார்கள். கிளையன்ட்டுகள் என்னைப் பாராட்டினார்கள் என்று எழுதுகிறவரிடம், எதைக் கேட்டபோது அவர்களுக்குக் கோபம் வந்தது என்று நான் கேட்பதுண்டு. பதில் இல்லாதவர்கள் நிறைய.

அந்த விண்ணப்பத்துக்குத் திரும்புகிறேன். அதை அனுப்பிய பெண், அதே ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில், ஈரோட்டில் ஒரு சிறிய அலுவலகத்தில் செய்த ஆர்ட்டிகிள்ஷிப்பைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருந்தார். அதில் ஒன்று: “பதில் வராத 11 நிலுவைகளுக்கு ஏப்ரல், மே மாத வரவுகளை பில் வாரியாகப் பொருத்தி மாற்றுச் சோதனை செய்தேன்.” கண்ணில் படாத இடம். சதவீதம் இல்லை, சாதனை இல்லை. அறிவிப்பில் கேட்ட சொற்களைத் தேடுகிறவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். எனக்கு “பில் வாரியாக” என்பதுதான் முக்கியமாகப் பட்டது. மாற்றுச் சோதனை செய்கிறவர்கள் பலரும், மார்ச் 31-க்குப் பிறகு அந்த வியாபாரியிடமிருந்து பணம் வந்திருக்கிறதா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பார்த்துவிட்டு, வந்திருக்கிறது என்று டிக் போட்டு நகர்ந்துவிடுவார்கள். மே மாதம் வந்த பணம் ஏப்ரலில் போட்ட பில்லுக்கானதாக இருந்தால், அது மார்ச் நிலுவையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பணத்தை அந்தந்த பில்லோடு பொருத்தினால்தான் சோதனைக்கு உயிர் வருகிறது. இந்த வேறுபாட்டைத் தரநிலையை மனப்பாடம் செய்து கற்க முடியாது. மேசையில் உட்கார்ந்து செய்து பார்த்தவருக்குத்தான் அந்த இரண்டு சொற்களையும் எழுதத் தோன்றும்.

நேர்காணலுக்கு அழைத்தோம். முதலில் அந்த 11 கணக்குகளைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். முப்பது வியாபாரிகளுக்குக் கடிதம் போயிருக்கிறது. ஆர்ட்டிகிள் பிள்ளைகள் இருவர் தபால் நிலையம் போய் அனுப்பினார்கள், ஆடிட் அலுவலகத்தின் முகவரி எழுதிய பதில் உறையையும் உள்ளே வைத்து. பத்தொன்பது பேர் பதில் எழுதினார்கள். மற்ற பதினொரு கணக்கில் எட்டு, மே மாதத்துக்குள் வந்த பணத்தோடு பில் வாரியாகப் பொருந்தின. பணம் வராத மூன்றுக்கு லாரி ரசீதையும் ஈ-வே பில்லையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்று திருப்பூர் ஏஜென்ட் மூலமாகப் போன நூல், மார்ச் 29 தேதியிட்ட பில், 42 லட்சம். சரக்கு போனதற்கு ரசீது சரியாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அதே லாட் எண்ணில் அதே எடையோடு ஆலைக்கே நூல் திரும்பி வந்ததாக கேட் பதிவேட்டில் இருந்திருக்கிறது. கணக்கில் அதற்கான கிரெடிட் நோட் ஜூன் மாதம்தான் போடப்பட்டிருந்தது. ஆண்டுக் கடைசியில் விற்பனையைக் கூட்டிக்காட்ட அனுப்பிவிட்டு, பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு இது. “கேட் ரிஜிஸ்டர் எதுக்குப் பாத்தீங்க?” என்றேன். “அந்த ஒரு பில்லுக்கு மட்டும் பணமும் வரல, அவங்க ஃபோன் பண்ணிக் கேட்டதாவும் எந்தப் பதிவும் இல்ல சார். 42 லட்சம் நிலுவைக்கு ரெண்டு மாசமா யாருமே கேக்கலேங்கறது எனக்கு ஒத்து வரல” என்றார். எஸ்.ஏ. எண் எதையும் அவர் சொல்லவில்லை. தொழில்முறை ஐயம் என்று பாடப்புத்தகம் சொல்வது அந்த ஒரு வாக்கியத்தில் முழுதாக இருந்தது. அதைக் கணக்காளரிடம் எடுத்துச் சொன்னதும், அவர் குரல் உயர்த்தியதும், பிறகு பார்ட்னரை அழைத்துப்போய் முதலாளியிடம் பேசி அந்த விற்பனையைக் கணக்கிலிருந்து நீக்க வைத்ததும் அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். தரநிலை அறிவும் கிளையன்ட்டைக் கையாளும் திறனும் அங்கே இரண்டு வேலையாக இல்லை. ஒன்று இல்லாமல் மற்றது நடந்திருக்கவே முடியாது.

பிறகு 95 சதவீதத்துக்கு வந்தோம். இப்போது வேலை பார்க்கிற பெரிய அலுவலகத்தில் நடந்தது அது. கடிதத்தை யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கம்பெனி மெயிலிலிருந்து போனது, தங்களுக்கு நகல் வைத்தார்கள் என்றார். பதில்? சில நேராகத் தங்களுக்கு வந்தன, பெரும்பாலும் கணக்காளர் அனுப்பி வைத்தார். அவற்றை எப்படி நம்பினீர்கள்? “நாலஞ்சு பேருக்கு நானே ஃபோன் பண்ணேன் சார். நம்பர் அவங்க கொடுத்ததில்ல, அந்தந்த வியாபாரியோட வெப்சைட்ல பாத்து எடுத்தேன். மேனேஜர்கிட்ட, இது நேரா வரணும்னு சொன்னேன். இந்த வருஷம் நேரமில்லன்னுட்டாங்க.” பதில்களை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், தொடர்பு எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து, நம்பகத்தன்மையைச் சோதித்திருக்கிறார். தரநிலை சந்தேகத்துக்குரிய பதில்களுக்குக் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். அதிகாரம் இல்லாத இடத்தில் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். ஆனால் ரெஸ்யூமேயில் இதில் ஒரு சொல்கூட இல்லை. அவருக்குப் பெருமை தரக்கூடிய பகுதியை மறைத்துவிட்டு, அவர் சங்கடப்பட்ட பகுதியைச் சாதனையாக எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டபோது, உங்கள் அறிவிப்பில் கிளையன்ட்டைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது, அதற்குப் பொருந்துகிற மாதிரி எழுதச் சொன்னார்கள் என்றார். நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அனுப்பியது யார் என்ற ஒற்றைக் கேள்வியை வைத்து ஒரு விண்ணப்பத்தை நிறுத்துப் பார்ப்பது சரிதானா? உறுதிக் கடிதத்துக்கும் எல்லை உண்டு. வியாபாரி கடன்பட்டிருக்கிறார் என்பதை அது சொல்லும். அவரால் திருப்பித் தர முடியுமா என்பதைச் சொல்லாது. தொழில் நொடித்துப்போனவரும் ஆமாம் தரவேண்டும் என்று நேர்மையாகக் கையெழுத்திடுவார். சரக்கிருப்பு, தொடர்ந்து இயங்கும் திறன், உள்கட்டுப்பாடு என்று உதவி மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை வேறு பல. எல்லாவற்றையும் ரெஸ்யூமேயிலிருந்து அறிய முடியாது. ஆனாலும் ஒருவர் ஒரு சோதனையைக் கடைசி வரை கொண்டுபோனாரா என்பதை ஒரு தரநிலையில் பார்த்துவிட்டால் மற்றவற்றிலும் அவர் நடக்கிற விதம் ஓரளவு தெரிந்துவிடுகிறது என்பதே என் அனுபவம். எட்டுத் தரநிலைகளில் எட்டு மேலோட்டமான கேள்விகள் கேட்பதைவிட, அவரே செய்த ஒரு வேலைக்குள் அரை மணி நேரம் அவரோடு நடந்துபோவது எனக்கு அதிகம் சொல்கிறது.

இன்னொன்றையும் அந்த ரெஸ்யூமேயில் கவனித்தேன். எந்தக் கிளையன்ட்டின் பெயரும் அதில் இல்லை. “மூன்று யூனிட் உள்ள நூற்பாலை”, “பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்” என்றே இருந்தது. அன்று வந்திருந்த வேறு விண்ணப்பங்களில் கம்பெனிப் பெயர், விற்றுமுதல், சிலவற்றில் கண்டுபிடித்த குறைபாடுகள்கூட வெளிப்படையாக இருந்தன. தொழிலின் போக்கில் அறிந்ததைக் கிளையன்ட்டின் சம்மதமில்லாமல் வெளியில் சொல்வது 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுக்கக்கேடு. வேலை தேடும் ஆர்வத்தில் எழுதிவிடுகிறார்கள், அதற்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை. ஆனால் கிளையன்ட்டை மதிப்பது எப்படியிருக்கும் என்று கேட்டால் பெயரை விட்டுவிட்டு எழுதிய அந்த இரண்டு பக்கங்களைக் காட்டுவேன்.

அவரை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைத்தேன். அதோடு அறிவிப்பையும் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். திறன்களின் பெயர்களை எடுத்துவிட்டு, விண்ணப்பத்தில் இதை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறது புதிய வாசகம்: நீங்களே அனுப்பி நீங்களே பெற்ற உறுதிக் கடிதங்கள் எந்த ஆடிட்டில், பதில் வராதவற்றை என்ன செய்தீர்கள்; நிர்வாகம் ஒப்புக்கொள்ளாத ஒரு விஷயத்தை யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், முடிவு என்ன ஆனது; கிளையன்ட் பெயர் வேண்டாம். பார்ட்னர்களில் ஒருவருக்கு இதில் மறுப்பு இருக்கிறது, அது நியாயமான மறுப்பு. கடிதம் அனுப்புகிற வேலையையே ஜூனியர்களிடம் கொடுக்காத அலுவலகங்கள் உண்டு. கடைசி வரை வவுச்சர் டிக் போட்டுவிட்டு வெளியே வருகிற கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. இந்த அறிவிப்பைப் படித்தால் அவர்கள் விண்ணப்பிக்காமலே போவார்கள் என்றார். அவர்களுக்காக அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தோம்: இத்தகைய அனுபவம் இல்லாதவர்கள் நேர்காணலில் ஒரு மாதிரிக் கோப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அந்தக் கோப்பை நான்தான் தயாரிக்கிறேன். கற்பனையான ஓர் ஆலை, ஆறு பதில் கடிதங்கள். ஒன்றில் வியாபாரிக்குப் பதில் ஏஜென்ட் கையெழுத்திட்டிருக்கிறார். ஒன்றின் மின்னஞ்சல் முகவரி வியாபாரியின் நிறுவனப் பெயரில் இல்லாமல் பொதுவான இலவச முகவரியாக இருக்கிறது. ஒன்றில் தொகை சரியாக இருக்கிறது, தேதி மட்டும் மார்ச் 31 இல்லை, மார்ச் 13. மற்ற மூன்றிலும் குறை எதுவும் இல்லை. சந்தேகப்பட வேண்டாத இடத்தில் சந்தேகப்படாமல் கடந்துபோகிறாரா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.